வாட்ஸ்அப்பா, 0044-ஆ? ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு எதை எழுதிக் கொடுப்பது

வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் எல்லோரும் அப்பா அம்மாவின் போனில் வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். அன்றாடப் பேச்சுக்கு அது போதும். ஆனால் போன் கீழே விழுந்து உடைந்த நாளிலும், நெட் வராத நாளிலும், எதிர் வீட்டுக்காரரின் போனை வாங்கிப் பேச வேண்டிய நாளிலும் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். எந்த எண், அதை எப்படி அழுத்துவது, வராவிட்டால் அடுத்து என்ன என்று எழுதிய ஒரு கடிதம். அதில் முதல் எண்ணாக எதைப் போடுவது என்பதுதான் இங்கே கேள்வி.

நான் இருப்பது பர்மிங்காமில். அப்பா அம்மா சென்னை மேற்கு மாம்பலத்தில். வீட்டில் ஒரு லேண்ட்லைனும் ஆளுக்கொரு மொபைலும் உண்டு. அவர்கள் என்னைக் கூப்பிட மூன்று வழி இருக்கிறது: வாட்ஸ்அப், மொபைலிலிருந்து நேரடி ஐ.எஸ்.டி., லேண்ட்லைனிலிருந்து ஐ.எஸ்.டி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினசரிப் பேச்சு வாட்ஸ்அப்பில். தாளில் எழுதும் எண்களில் முதல் இடம், 0044 என்று தொடங்கும் முழு எண்ணுக்கு.

வாட்ஸ்அப்பின் நன்மையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தனிக் கட்டணம் இல்லை, முகம் பார்க்கலாம், படத்தைத் தொட்டால் போதும். அதில் பலரும் கவனிக்காத ஒரு வசதியும் உண்டு. அழைக்கும்போது திரையில் முதலில் `Calling` என்று வரும். எதிர்முனைப் போனை அழைப்பு எட்டியதும் அது `Ringing` என்று மாறும். இந்த ஒரு வித்தியாசத்தை அப்பா அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டால் பாதிப் பதற்றம் குறையும். `Ringing` வந்தும் எடுக்கவில்லை என்றால் பிள்ளை வகுப்பில் இருக்கலாம், தூங்கலாம். போன் உயிரோடு இருக்கிறது. `Calling` மாறாமலே நின்றால் இரண்டு முனையில் எங்கோ ஒன்றில் நெட் இல்லை. அப்போது திரும்பத் திரும்ப அதையே தொட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. சாதாரண அழைப்புக்கு மாற வேண்டிய நேரம் அதுதான்.

மாறும் இடத்தில்தான் சிக்கலும் வருகிறது. இங்கே வந்த பிறகும் பலர் வாட்ஸ்அப்பைப் பழைய இந்திய எண்ணிலேயே வைத்திருப்பார்கள். குடும்பக் குழு, கல்லூரிக் குழு எல்லாம் அந்த எண்ணில் இருப்பதால் மாற்ற மனம் வராது. ஆகவே அம்மாவின் போனில் மகள் பெயரில் சேமித்திருப்பது +91 எண்தான். வாட்ஸ்அப் எடுக்கவில்லையே என்று அதே பெயரைத் தொட்டுச் சாதாரணமாகக் கூப்பிட்டால், அழைப்பு மேசை டிராயரில் கிடக்கும் இந்திய சிம்முக்குப் போகும். 'ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது' என்று குரல் வரும். அம்மாவுக்கு நெஞ்சு படபடக்க அது போதாதா? அதனால் போனில் இரண்டு பெயராகவே சேமித்து வையுங்கள். ஒன்று 'மகள் வாட்ஸ்அப்', இன்னொன்று 'மகள் இங்கிலாந்து போன்'. கடிதத்திலும் இரண்டும் தனித்தனி வரியாக வர வேண்டும்.

வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப முடியாததற்குச் சென்னைக்காரர்களுக்கு வேறு காரணமும் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் மொபைல் சிக்னலும் சேர்ந்தே போயின. வீட்டு வைஃபை அணைந்ததும் வாட்ஸ்அப் முதலில் போகும். டவரில் கொஞ்சமாவது சிக்னல் மிஞ்சியிருந்தால், நெட் ஊர்ந்தாலும் சாதாரண அழைப்பு போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

சரி, எண்ணை எப்படி எழுதுவது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நடக்கின்றன. உதாரணத்துக்கு என் இங்கிலாந்து மொபைல் எண் 07700 900123 என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், நாடகங்களிலும் படங்களிலும் காட்டுவதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் எண் வரிசை இது. யாருக்கும் சொந்தமில்லாததால் பயமில்லாமல் எழுதிக் காட்டலாம்.

முன்னால் இருக்கும் 0, பிரிட்டனுக்குள்ளேயே பேசுவதற்கு மட்டும். நாம் 044-இல் உள்ள முதல் 0-வை வெளியூரிலிருந்து கூப்பிடும்போது போடுகிறோமே, அதே வேலைதான் அதற்கும். வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது அதை எடுத்துவிட வேண்டும். மிஞ்சுவது 7700 900123. அதற்கு முன்னால் பிரிட்டனின் நாட்டுக் குறியீடு 44. அதற்கும் முன்னால், இந்தியாவை விட்டு அழைப்பு வெளியே போகிறது என்று சொல்லும் 00. எல்லாம் சேர்ந்தால் 0044 7700 900123. எண்ணிப் பாருங்கள், 14 இலக்கம். இந்த 14-ஐக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்; அப்பா விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

15 வந்தால் நடுவில் ஒரு 0 தங்கிவிட்டது என்று அர்த்தம். பலர் எண்ணை +44 (0)7700 900123 என்று எழுதிக் கொடுப்பதால் வரும் வினை இது. அடைப்புக்குள் இருக்கும் அந்த 0-வை உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான் அழுத்த வேண்டும் என்பது எழுதியவருக்குத் தெரியும். படிக்கும் அப்பா இருப்பதை எல்லாம் அழுத்துவார், எண் தவறு என்று குரல் வரும். கடிதத்தில் அந்த அடைப்புக்குறியே வேண்டாம்.

13 வந்தால் முன்னால் ஒரு 0 விட்டுப் போயிருக்கிறது. இது சென்னைக்கே உரிய தொல்லை. பிரிட்டனின் குறியீடு 44, நம் ஊரின் எஸ்.டி.டி. குறியீடு 044. ஒரு 0 குறைந்தால் 0044 என்பது 044 ஆகிவிடும். போன் அதைச் சென்னை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று பதில் வரலாம். இல்லையென்றால் அண்ணா நகரிலோ அடையாறிலோ யார் வீட்டிலோ மணி அடிக்கலாம். மறுமுனையில் முன்பின் தெரியாதவர் தமிழில் 'யாருங்க?' என்று கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த 0-வைத்தான். லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் என்று பிள்ளை எங்கே இருந்தாலும், சென்னையில் உள்ள பெற்றோருக்கு எழுதும்போது முதல் இரண்டு 0-வைச் சற்றுப் பெரிதாகவோ சிவப்பு மையிலோ எழுதுங்கள்.

00-க்குப் பதிலாக + போடலாமே என்று கேட்பீர்கள். மொபைலில் தாராளமாகப் போடலாம். 0 பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் திரையில் + வரும், பிறகு 44 7700 900123. போனில் சேமிப்பதற்கு இந்த வடிவம்தான் நல்லது. பெற்றோர் எந்த நாட்டுக்குப் போனாலும் அப்படியே வேலை செய்யும், வாட்ஸ்அப்பும் இந்த வடிவத்தைப் பார்த்துத்தான் ஆளைச் சரியாகக் கண்டுபிடிக்கும். ஆனால் லேண்ட்லைனில் + என்று ஒரு பொத்தானே கிடையாது. 0044 அப்படியில்லை. ஐ.எஸ்.டி. திறந்திருக்கும் எந்த இந்திய போனிலும், அது பக்கத்து வீட்டுப் பொத்தான் போனாக இருந்தாலும், வேலை செய்யும். ஆகவே போனுக்குள் +44, தாளில் 0044. இரண்டையும் தாளில் சேர்த்து எழுதிக் குழப்ப வேண்டாம்.

எண் சரியாக இருந்தும் மொபைலிலிருந்து அழைப்பு போகாமல் இருக்க இரண்டு காரணம் உண்டு. ஒன்று, அந்த இணைப்பில் ஐ.எஸ்.டி. வசதி மூடியிருக்கலாம். வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது காரணம்தான் பெற்றோருக்குப் புரிய வைக்கக் கடினமானது. 'அன்லிமிடெட் போட்டிருக்கேனே, அப்புறம் ஏன் காசு இல்லைங்கறான்?' என்று அப்பா கேட்பார். அந்த அன்லிமிடெட் இந்தியாவுக்குள் பேச மட்டும். வெளிநாட்டு அழைப்புக்கு டாக்டைம் தொகை தனியாக இருக்க வேண்டும், அல்லது அந்த நாட்டைச் சேர்த்த ஐ.எஸ்.டி. பேக் போட வேண்டும். மாத ரீசார்ஜ் மட்டும் போடுபவர்களின் கணக்கில் டாக்டைம் பெரும்பாலும் வெறும் பைசாவாகத்தான் இருக்கும்.

இந்த இரண்டில் பேக்கா, டாக்டைமா என்றால் எங்கள் மாதிரி வீட்டுக்கு டாக்டைம்தான் என்பேன். பேக்கில் நிமிடக் கட்டணம் குறைவு, ஆனால் அதற்குக் கெடு உண்டு. அவசரத்துக்கு மட்டும் ஐ.எஸ்.டி. பேசும் வீட்டில், பேக் பயன்படாமலே முடிந்துபோகும், தேவைப்படும் நாளில் இருக்காது. டாக்டைமாகப் போட்டு வைத்தால், அந்த சிம் உயிரோடு இருக்கும் வரை தொகை பொதுவாக அப்படியே கிடக்கும். வாட்ஸ்அப் பழகாத தாத்தா பாட்டி வாராவாரம் அரை மணி நேரம் நேரடியாகப் பேசுகிற வீடாக இருந்தால் மட்டும் பேக் லாபம். அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: பிரிட்டன் லேண்ட்லைனுக்கும் மொபைலுக்கும் ஒரே கட்டணமாக இருக்காது, மொபைலுக்குக் கூடுதலாக இருப்பதுதான் வழக்கம்.

லேண்ட்லைனை நான் மூன்றாவதாக வைத்தாலும் தள்ளிவிடவில்லை. பழைய செம்புக் கம்பி இணைப்பாக இருந்தால் அதற்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும். வீட்டில் கரண்ட் போனாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். ஆனால் சென்னையில் எத்தனையோ வீடுகளில் அந்தக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. போன் அதே பழைய போன், மேசையில் அதே இடத்தில் இருக்கிறது. பின்னால் சுவரில் உள்ள சின்னப் பெட்டி கரண்டில் ஓடுகிறது, கரண்ட் போனால் போனும் போகும். உங்கள் வீட்டில் எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்திவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்துப் பாருங்கள். டோன் இருந்தால் அந்த லேண்ட்லைனைக் கடிதத்தில் சேர்க்கலாம். இல்லையென்றால் மின்வெட்டு நாளுக்கு அதை எண்ணிக்கொள்ள வேண்டாம். கார்ட்லெஸ் போனுக்கும் கரண்ட் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். லேண்ட்லைனிலும் ஐ.எஸ்.டி. மூடியிருக்கலாம், ஊருக்குக் கிளம்பும் முன் திறந்து ஒரு முறையாவது அழைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது வழி என்று முன்பு ஸ்கைப்பைச் சொல்லியிருப்பேன். 2025 மே மாதம் அதை மூடிவிட்டார்கள். பழைய கடிதத்தில் ஸ்கைப் வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.

'மிஸ்டு கால் கொடுங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்பது நம் குடும்பங்களில் எழுதாத ஒப்பந்தம். வெளிநாட்டுக்கும் அது நடக்கும், எடுக்காத அழைப்புக்குப் பொதுவாகக் காசு போகாது. ஆனால் பிரிட்டன் மொபைல்களில் வாய்ஸ்மெயில் இருக்கும். சிறிது நேரம் மணி அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால் பதிவு செய்த ஆங்கிலக் குரல் தானாக எடுத்துப் பேசும். அம்மா அதை மகளின் தோழி என்று நினைத்து 'அவளைக் கூப்பிடும்மா' என்று சொல்லிக்கொண்டிருப்பார், அழைப்பு எடுக்கப்பட்டதாகக் கணக்காகிக் காசு ஓடும். அதனால் மிஸ்டு கால் என்றால் மூன்று மணி, அதோடு வைத்துவிட வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் இன்னும் நல்ல தீர்வு, வாய்ஸ்மெயிலை நிறுத்திவிடுவது.

மகள் எந்த வழியிலும் எடுக்கவில்லை என்றால் யாரைக் கேட்பது? இதுவும் தாளில் வேண்டும். பிரிட்டனின் அவசர எண் 999 என்று படித்திருப்பார்கள். சென்னையிலிருந்து அதை அழுத்தினால் பிரிட்டனுக்குப் போகாது. மூன்று இலக்க எண்கள் எல்லாம் அந்தந்த நாட்டுக்குள் மட்டும். எனவே இரவும் பகலும் ஆள் இருக்கும் பல்கலைக்கழகப் பாதுகாப்பு அலுவலகம் அல்லது விடுதி அலுவலகம், கூடத் தங்கியிருக்கும் ஒருவர், இவர்களின் முழு எண்களை வாங்கி எழுதுங்கள். பிள்ளை வேலையில் இருந்தால் அலுவலக வரவேற்பின் எண். லேண்ட்லைனுக்கும் அதே விதிதான். பர்மிங்காமின் 0121 496 0123 என்ற எண், சென்னைத் தாளில் 0044 121 496 0123 ஆகும். பர்மிங்காமில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அதன் எண்ணை அதன் அதிகாரபூர்வ இணையதளத்தைப் பார்த்து எழுதுங்கள், யாரோ அனுப்பிய பட்டியலிலிருந்து வேண்டாம்.

இந்தத் தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. தெரியாத +44 எண்ணிலிருந்து ஒருவர் கூப்பிட்டு 'உங்கள் மகளைப் போலீஸ் பிடித்துவிட்டது, உடனே பணம் அனுப்புங்கள்' என்று மிரட்டினால், இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தாளில் உள்ள எண்ணைத்தான் அழைக்க வேண்டும். வந்த எண்ணுக்குத் திருப்பி அழைக்கக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு நான் எழுதிய கடிதம் கிட்டத்தட்ட இப்படித்தான். எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

முதலில் எப்போதும் போல வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள். `Ringing` என்று வந்து நான் எடுக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம், பார்த்ததும் கூப்பிடுகிறேன். `Calling` என்றே நின்றால் கீழே உள்ள எண்ணுக்குப் போடுங்கள்.

என் இங்கிலாந்து போன்: 00 44 7700 900 123. மொத்தம் 14 இலக்கம். முதலில் இரண்டு 0 இருக்க வேண்டும், 44-க்குப் பிறகு 0 வரவே கூடாது. அப்பா மொபைலில் 300 ரூபாய் டாக்டைம் போட்டிருக்கிறேன், அது இதற்கு மட்டும்.

பேசுவது தமிழ்க்காரராக இருந்தால் முன்னால் ஒரு 0 குறைந்துவிட்டது. வைத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஆங்கிலத்தில் பதிவுக் குரல் வந்தால் வைத்துவிடுங்கள், நீங்கள் கூப்பிட்டது எனக்குத் தெரிந்துவிடும்.

நான் எடுக்கவே இல்லை என்றால் விடுதி அலுவலகம்: 00 44 121 496 0123. இரவிலும் ஆள் இருப்பார்கள். என் பெயரும் அறை எண்ணும் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன், அதைப் படித்தால் போதும்.

இங்கே மணி, நம் மணியை விட ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம். நம் வீட்டில் இரவு 10 மணி என்றால் குளிர்காலத்தில் எனக்கு மாலை 4.30. காலை 9 மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் இங்கே விடியற்காலை 3.30. அவசரம் என்றால் அப்போதும் கூப்பிடுங்கள்.

சித்தப்பாவின் மொபைலுக்கு நம் லேண்ட்லைனிலிருந்து போடும்போது முன்னால் 0 சேர்க்க வேண்டும். மொபைலிலிருந்து என்றால் வேண்டாம்.

உங்கள் மகள்.

சித்தப்பா வரி எதற்கு என்றால், 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் பேச 0 சேர்ப்பது நாடு முழுக்கக் கட்டாயம். பெரியவர்களில் பலர் அவசரத்தில் அதை மறந்துவிடுகிறார்கள்.

பிள்ளை வேறு நாட்டில் இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அமெரிக்காவுக்கு 001, பிறகு 10 இலக்கம். எடுக்க வேண்டிய 0 எதுவும் இல்லை. சிங்கப்பூருக்கு 0065, பிறகு 8 இலக்கம். ஆஸ்திரேலியாவுக்கு 0061, முன் 0-வை எடுத்துவிட வேண்டும். துபாய்க்கு 00971, அங்கும் முன் 0 போகும். துபாயில் இருப்பவர்களுக்கு ஒப்பீடே வேறு, ஏனென்றால் ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் பேச்சுக்கே தடை உண்டு. எழுத்து போகும், குரல் போகாது. அங்கே அனுமதி உள்ள செயலி ஒன்றைப் பெற்றோரின் போனில் போட்டுப் பழக்க வேண்டும், ஐ.எஸ்.டி. பேக்கும் வீண்போகாது.

கடிதத்தில் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று போனுக்குப் பக்கத்தில் சுவரில், ஒன்று அப்பாவின் பர்ஸில், ஒன்று எதிர் வீட்டில். மேலே தேதி போடுங்கள். சிம் மாறினால் மூன்றையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்; பழைய எண்ணை அடித்துப் பக்கத்தில் புதிதை எழுதினால் பதற்றத்தில் கண் பழையதற்குத்தான் போகும். புதுத் தாள் ஒட்டிய அன்றே, அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாக அதைப் பார்த்து ஒரு முறை அழைக்கச் சொல்லுங்கள். நீங்கள் மறுமுனையில் எடுங்கள்.